பன்னீரும் கிளிசரினும் எல்லா முகத்துக்கும் ஒத்துவருமா? கிருஷ்ணகிரி மருந்துக்கடையில் கேட்ட கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை நடத்துகிறேன். மார்கழி பிறந்ததும் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து பனிக்கு முகம் வெடித்து வருபவர்கள் கேட்பதும், சித்திரை வெயிலில் தர்மபுரி, அரூர் பக்கத்திலிருந்து முகம் காய்ந்து வருபவர்கள் கேட்பதும் ஒன்றுதான்: ஒரு ரோஸ் வாட்டர், ஒரு கிளிசரின். இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் கிரீம் விலையில் பாதிகூட ஆகாது. நல்ல பொருள்கள்தான். ஆனால் வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் அளவு தெரியாமல் தடவிவிட்டு, "எனக்குச் சேரல அக்கா" என்று திரும்பி வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரெண்டுல எது அக்கா முகத்துக்கு ஈரம் குடுக்குது?

கிளிசரின். ரோஸ் வாட்டர் பெரும்பாலும் தண்ணீர்தான், அதில் ரோஜாவின் வாசனைப் பொருள்கள் மிகக் கொஞ்சமாகக் கரைந்திருக்கும். புறங்கையில் ஒரு சொட்டு ரோஸ் வாட்டர் விட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு அங்கே ஈரத்தைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை.

கிளிசரின் அப்படியல்ல. மழைக்காலத்தில் ஒரு சின்னத் தட்டில் நாலு சொட்டு கிளிசரினை விட்டு ராத்திரி முழுக்கத் திறந்தே வையுங்கள். காலையில் பார்த்தால் காய்ந்திருக்காது. முன்பைவிட நீர்த்து, தட்டைச் சாய்த்தால் ஓடும். காற்றில் இருந்த ஈரத்தை அது இழுத்துக்கொண்டது. தோலின் மேல் அடுக்கிலும் அதே வேலையைத்தான் செய்கிறது: தண்ணீரை இழுத்துப் பிடித்து வைக்கிறது. நம் தோலிலேயே இயல்பாகக் கொஞ்சம் கிளிசரின் இருக்கிறது. அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு அது தொந்தரவு தருவதில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகள் பாதி தீர்ந்துவிடும். கிளிசரின் தண்ணீரை இழுக்கும், ஆனால் எங்கிருந்து இழுக்கிறது என்பதுதான் விஷயம்.

அப்போ கிளிசரினை அப்படியே தடவலாமே, ரோஸ் வாட்டர் எதுக்கு?

இதைத்தான் என் அக்கா மகளும் செய்தாள். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை, எட்டு மணி நேரமும் ஏசிக்குள்தான். ஹாஸ்டலில் சுடுதண்ணீரில் குளியல். போன மார்கழி மாதம் பேசும்போது, "சித்தி, தினமும் ராத்திரி கிளிசரின் போடுறேன், ஆனா முகம் இழுத்துப் பிடிச்ச மாதிரியே இருக்கு" என்றாள். பொங்கலுக்கு வந்தபோது வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் பொரிந்து செதில் செதிலாக நின்றது. வாயோரத்தில் மெல்லிய கோடுகள். பாட்டிலிலிருந்து பஞ்சில் ஊற்றி, எதுவும் கலக்காமல், துடைத்துக் காய்ந்த முகத்தில் தடவியிருக்கிறாள். பத்தவில்லை என்று நினைத்து மறுநாள் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாள்.

ஏசி அறையின் காற்றில் ஈரம் குறைவு. பனிக்கால ஓசூர்க் காற்றும் வறண்டது. காய்ந்த முகத்தில் கெட்டியான கிளிசரினைத் தடவினால், இழுத்துக்கொள்ள அதற்கு வெளியே தண்ணீர் இல்லை. அதனால் தோலின் அடி அடுக்குகளில் இருக்கும் தண்ணீரை மேலே இழுக்கிறது. மேலே வந்த தண்ணீரும் வறண்ட காற்றில் ஆவியாகிப் போகிறது. கிளிசரின் தடவத் தடவ முகம் காய்வது இதனால்தான்.

ரோஸ் வாட்டரின் வேலை இங்கேதான் வருகிறது. கிளிசரின் பிடித்து வைப்பதற்கான தண்ணீரை அது கூடவே கொண்டுவருகிறது. அந்த வேலையைக் கொதித்து ஆறிய தண்ணீரும் செய்யும். ரோஸ் வாட்டரில் கூடுதலாக இருப்பது வாசனையும் குளிர்ச்சியும்தான்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். முதல் நாலு நாள் கிளிசரினே வேண்டாம். முகம் கழுவியதும் ஈரம் போவதற்குள் மெல்லிசாக வாசலின் மட்டும். எரிச்சல் அடங்கிய பிறகு 50 மில்லி பாட்டிலில் 4 மில்லி கிளிசரின், மீதி ரோஸ் வாட்டர். முகத்தைத் துண்டால் ஒற்றி, இன்னும் ஈரம் இருக்கும்போதே அதைத் தடவ வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து, செதில் நின்ற இடங்களில் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். குளிக்கும் தண்ணீரையும் வெதுவெதுப்பாகக் குறைக்கச் சொன்னேன். பத்து நாளில் செதில் போய்விட்டது. வாயோரக் கோடுகளும் மறைந்தன. அவை வயதுக் கோடுகள் இல்லை, தோலில் தண்ணீர் இல்லாததால் விழுந்தவை.

கடைசியில் போட்ட அந்த எண்ணெய் முக்கியம். கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஆனால் ஆவியாகாமல் மூடாது. மூடுவதற்கு எண்ணெயோ வாசலினோ வேண்டும். வறண்ட தோல்காரர்கள் விட்டுவிடுகிற படி இது.

எவ்வளவுக்கு எவ்வளவு கலக்கணும்?

"சமமாகக் கலக்கணும்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முகத்துக்கு அது மிக அதிகம். பிசுபிசுத்து, ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

இருமல் மருந்து பாட்டிலோடு வரும் சின்ன அளவுமூடி இருக்கிறதே, 2.5, 5, 10 என்று கோடு போட்டிருக்கும், அது போதும். 50 மில்லி பாட்டிலுக்குக் கணக்கு இது. எண்ணெய் வழியும் முகத்துக்கு 2 மில்லியிலிருந்து 2.5 மில்லி வரை கிளிசரின், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் போகாமல். சாதாரண முகத்துக்கு 3, 4 மில்லி. வறண்ட முகத்துக்கு 5 மில்லி, அதாவது நூற்றுக்குப் பத்து. முகத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. கை, கால், முழங்கைக்கு மட்டும் 10 மில்லி வரை போகலாம்.

பாட்டிலையும் மூடியையும் வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வைத்து, நன்றாகக் காயவிடுங்கள். முதலில் கிளிசரினை அளந்து ஊற்றுங்கள். அது மூடியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் அதே மூடியில் ரோஸ் வாட்டரை ஊற்றி இரண்டு தடவை அலசி பாட்டிலில் சேருங்கள். இதைச் செய்யாவிட்டால் அளந்ததில் கணிசமான பங்கு மூடியோடு போய்விடும். பிறகு மீதி ரோஸ் வாட்டரை ஊற்றிக் குலுக்குங்கள். கிளிசரின் தண்ணீரைவிடக் கனமானது, முதலில் அடியில் எண்ணெய்போலச் சுருள் சுருளாக நிற்கும். அந்தச் சுருள் கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை குலுக்க வேண்டும்.

ஒரு வேளைக்கு ஏழெட்டுச் சொட்டு போதும், உள்ளங்கையில் விட்டு ஈர முகத்தில் ஒற்றுங்கள். தடவிப் பத்து நிமிடம் ஆன பிறகும் விரல் ஒட்டினால் கிளிசரின் அதிகம் என்று அர்த்தம், பாட்டிலில் இன்னும் கொஞ்சம் ரோஸ் வாட்டர் சேருங்கள். அரை மணி நேரத்திலேயே முகம் இழுத்தால், கிளிசரினைக் கூட்டுவதற்கு முன்னால், தடவும்போது முகத்தில் ஈரம் இருந்ததா என்று யோசியுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

எனக்கு எண்ணெய் வழியும், பருவும் இருக்கு. கிளிசரின் போட்டா பரு அதிகமாகுமா?

கிளிசரின் எண்ணெய் கிடையாது. கையில் வழவழப்பதால் அப்படித் தோன்றுகிறது. தண்ணீரில் முழுசாகக் கரையும், மயிர்க்கால்களை அடைக்காது. பருவுக்கு மருந்து போட்டு முகம் காய்ந்து உரிபவர்களுக்கு இது நல்ல துணை. மருந்து போட ஆரம்பித்ததும் முகம் உரிகிறது என்று பயந்து மருந்தையே நிறுத்திவிடும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் ஐந்து சதவீதக் கலவையைத் தடவிக்கொண்டு, மருந்தைத் தொடரலாம்.

பரு முகத்தில் அதன் மேல் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது அடைக்கும். மூடும் படியே இந்த முகத்துக்குத் தேவையில்லை. தோலின் எண்ணெயே அந்த வேலையைச் செய்கிறது. மே மாதத்தில் வேர்வை வழியும்போது வேறு எதுவும் போடாமல் விட்டாலும் சரிதான்.

ரோஸ் வாட்டர் பருவைக் குறைக்குமா என்றால், குறைக்காது. பருவுக்கு அது மருந்து இல்லை.

ரோஸ் வாட்டர் பட்டாலே எரியுது. இயற்கைப் பொருள்தானே, ஏன்?

ரோஜாவுக்கு வாசனை தரும் ஜெரானியால், சிட்ரோனெல்லால் போன்ற பொருள்களே சிலருக்கு ஒவ்வாமை தருபவை. பூவிலிருந்து வந்தாலும், ஆலையில் செய்து ஊற்றினாலும் தோலுக்கு அது ஒன்றுதான். மலிவான பாட்டில்களில் செயற்கை வாசனையும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் கூடுதலாக இருக்கும். அதனால் எரிகிறது என்றால் விட வேண்டியது ரோஸ் வாட்டரை, கிளிசரினை இல்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் அதே கணக்கில் கிளிசரின் கலந்து பாருங்கள். "கிளிசரின் சேரல" என்று திரும்பி வந்தவர்களில் பல பேருக்கு இது ஒத்துக்கொண்டது. சிலருக்கு ஈரத் தோலில் தடவாததுதான் காரணமாக இருந்தது.

எது எரிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இடது முழங்கையின் உள்மடிப்பில் ரோஸ் வாட்டர் மட்டும், வலதில் கிளிசரின் கலந்த தண்ணீர் மட்டும், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில், காலையும் மாலையும், ஏழு நாள். ஒரே ஒரு தடவை தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒவ்வாமை பல சமயம் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் தெரியும். சிவந்து, அரித்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் அந்தப் பக்கம் போட்டது உங்களுக்கு ஆகாது. தடவியதும் அரை நிமிடம் சுரீரென்று எரிந்து அடங்குவது வேறு. அது தோல் எங்கோ வெடித்திருக்கிறது என்பதன் அடையாளம். அப்போது எந்தப் பொருளும் எரியும்.

கரப்பான் உள்ளவர்கள், கன்னம் எப்போதும் சிவந்தே இருப்பவர்கள், வாசனை உள்ள எதையும் முகத்தில் போடாமல் இருப்பது நல்லது. இன்னொரு கூட்டமும் இருக்கிறது: வெள்ளையாக்கும் கிரீம் என்று யாரோ சொன்ன ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் தடவி, தோல் மெலிந்து, வெயிலில் போனாலே சிவக்கிறவர்கள். அவர்களுக்கு ரோஸ் வாட்டரும் எரியும், வெறும் தண்ணீரும் எரியும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். கிரீமைத் திடீரென்று நிறுத்தினாலும் முகம் கொதிக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே போய் அந்தக் கிரீமின் டியூபைக் காட்டுங்கள்.

எங்க வீட்ல கிளிசரின், ரோஸ் வாட்டர், எலுமிச்சைச் சாறு மூணும் கலப்போம். அது நல்லதுதானே?

எலுமிச்சையை விட்டுவிடுங்கள். இதை நான் தினமும் சொல்கிறேன், சொல்லச் சலிக்கவும் இல்லை.

எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு, நம் தோல் தாங்குகிற அளவைவிடப் பல மடங்கு அமிலம். அது ஒரு பக்கம். பெரிய தொந்தரவு வெயிலோடு சேரும்போது வருகிறது. எலுமிச்சையில், குறிப்பாகத் தோலில், சூரிய ஒளி பட்டதும் சருமத்தைச் சுடவைக்கும் பொருள்கள் இருக்கின்றன. சாறு பிழிந்த கையைக் கழுவாமல் வெயிலில் போனால் ஓரிரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளித்து, பிறகு திட்டுத் திட்டாகக் கருத்துப்போகும். அந்தக் கறுப்பு மறைய மாதங்கள் ஆகும். பங்குனி வெயிலில் பென்னாகரம் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் இந்தக் கலவையை முகத்தில் போட்டுக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. பெண்ணின் தாடையிலிருந்து கழுத்து வரை, தண்ணீர் வழிந்த தடம்போல இரண்டு கருப்புக் கோடுகள். கலவையைத் தடவியபோது வழிந்து இறங்கிய அதே தடம். பிறகு அவள் மாடியில் துணி காயப்போடப் போயிருக்கிறாள். அந்த வடிவத்தைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடுகிறது, நோய்கள் பெரும்பாலும் அப்படிக் கோடு கிழித்தாற்போல வராது.

கிளிசரின் போட்டா முகம் கருத்துடும்னு சொல்றாங்களே?

கிளிசரின் கருக்க வைக்காது. வெளுக்க வைக்காது என்பதும் அதே அளவு உண்மை. அதிகமாகப் பூசினால் தூசி ஒட்டி மங்கலாகத் தெரியும், கழுவினால் போய்விடும். நிஜமாகவே கருத்திருந்தால் கலவையில் எலுமிச்சை இருந்ததா என்று பாருங்கள். வெயிலுக்கு இது தடுப்பும் இல்லை. பகலில் வெளியே போனால் மேலே சன்ஸ்கிரீன் தனியாகப் போட வேண்டும்.

பூஜைக் கடையில விக்கிற பன்னீர்தானே ரோஸ் வாட்டர்? அது இன்னும் சல்லிசா கிடைக்குதே.

பேர் ஒன்றுதான், பொருள் ஒன்றில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் செம்பிலிருந்து தெளிக்கிற பன்னீர் வாசனைக்காகச் செய்தது. பெரும்பாலும் தண்ணீரில் செயற்கை வாசனை கலந்தது. விருந்தாளிகளின் கையிலும் சேலையிலும் நாலு துளி விழுந்தால் ஒன்றும் ஆகாது. தினமும் முகத்தில் போடுவதற்கு அது இல்லை.

முகத்துக்கு வாங்கும்போது லேபிளைத் திருப்பிப் பாருங்கள். அழகுசாதனப் பொருளாக விற்கிற எதிலும் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல், இவை இருக்க வேண்டும். பட்டியலில் ரோஜாவின் தாவரப் பெயரான ரோசா டமாஸ்கேனா, அதோடு வடிநீர் அல்லது பூநீர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தால் அது பூவை வைத்து வடித்தது என்று சொல்லி விற்கிறார்கள். வெறும் தண்ணீர், வாசனை, நிறம் என்று இருந்தால் அது வாசனைத் தண்ணீர். ரோஸ் வாட்டர் நிறமில்லாமல் இருக்க வேண்டும். ரோஜா நிறத்தில் இருந்தால் சாயம் சேர்த்தது. வடிக்கும்போது வாசனை ஆவியோடு வரும், பூவின் நிறம் வராது.

ஓசூர்ல ரோஜா கொட்டிக் கிடக்குது. வீட்லயே செஞ்சுக்கலாமே?

நம் மாவட்டத்துப் பசுமைக்குடில் ரோஜா உலகத்துக்கே போகிறது, காதலர் தினம் வந்தால் பெட்டி பெட்டியாக ஏற்றுமதி. ஆனால் அது பூங்கொத்துக்காக வளர்த்த பூ. தண்டு நீளமாக இருக்க வேண்டும், பூ பல நாள் வாடாமல் நிற்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த ரகம். முகர்ந்து பார்த்தால் வாசனையே இருக்காது. பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் மருந்து அடித்திருப்பார்கள், அது சாப்பிடுகிற பயிரும் இல்லை என்பதால் அறுவடைக்கு முன்னால் நாள் கணக்குப் பார்த்து நிறுத்தியிருப்பார்கள் என்றும் நம்ப முடியாது. அந்த இதழைக் கொதிக்கவைத்து முகத்தில் போடாதீர்கள்.

வீட்டில் தொட்டியில் மருந்து அடிக்காத பன்னீர் ரோஜா இருந்தால் செய்யலாம். இதழைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து இறக்குவது கஷாயம், ரோஸ் வாட்டர் இல்லை. அதில் இதழின் சாறும் நிறமும் இறங்கியிருக்கும், வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்துவிடும். ஆவியை வடிக்க வேண்டும். அகலமான பாத்திரத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைத் தூக்கி வைத்து, சுற்றிலும் இதழும், அது மூழ்குகிற அளவுக்குத் தண்ணீரும் போட்டு, மூடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே ஐஸ் கட்டி வையுங்கள். சிறு தீயில் வைத்தால் ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நடுவில் சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். வாசனை முதலில் வருகிற பங்கில்தான் அதிகம், பிறகு வருவது வெறும் தண்ணீர்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது அரை டம்ளர். அதன் வாசனைக்காகச் செய்கிறேன் என்றால் சந்தோஷமாகச் செய்யுங்கள். தோலுக்காக என்றால் இவ்வளவு சிரமம் வேண்டியதில்லை.

எங்க ஊர் போர் தண்ணி உப்பு. டோனர் போட்டே ஆகணுமா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணீரில் ஃபுளோரைடு என்று எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ஃபுளோரைடு கெடுப்பது குடிக்கும்போது பல்லையும் எலும்பையும். முகத்தைப் படுத்துவது போர் தண்ணீரின் கடினத்தன்மை. அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் குளியல் சோப்பும் சேர்ந்தால் நுரை வராது, வெள்ளையாக ஒரு படிவு வரும். பக்கெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதே, அதேதான். அது முகத்திலும் படிகிறது. கழுவிய பிறகு கன்னத்தில் விரலை இழுத்தால் வழுக்காமல் பிடித்து நிற்கும்.

டோனர் என்ற பழக்கமே சோப்பு விட்டுப்போன மிச்சத்தைத் துடைக்கத்தான் வந்தது. சோப்பு போடாத முகத்துக்கு அது அவசியம் இல்லை. கடினத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுகிறவர்களுக்கு, கிளிசரின் கலக்காத ரோஸ் வாட்டரைப் பஞ்சில் நனைத்து ஒரு தடவை துடைப்பது நிஜமாகவே உதவும். அதற்கும் சிறந்தது சோப்பை விட்டு, காரம் இல்லாத ஃபேஸ்வாஷுக்கு மாறுவது. கடைசி ஒரு சொம்புக்கு மட்டும் ஒகேனக்கல் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்தினாலும் வித்தியாசம் தெரியும்.

எந்தக் கிளிசரின் வாங்கணும்?

லேபிளில் கிளிசரின் என்பதற்குப் பக்கத்தில் ஐ.பி. என்ற இரண்டு எழுத்து இருக்க வேண்டும். இந்திய மருந்தியல் தரப்படி சோதித்தது என்று அர்த்தம். சோப்பு, பெயின்ட் வேலைக்கு வாங்குகிற தொழிற்சாலைக் கிளிசரின் சல்லிசாகக் கிடைக்கும். அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 1986இல் மும்பையில் நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் அது இருந்ததால் பல உயிர்கள் போயின. அது குடித்ததால் வந்தது, தடவியதால் இல்லை. ஆனாலும் வாயோரத்தில், குழந்தை வாயில் வைக்கிற கையில் தடவுகிற பொருளை லேபிள் இல்லாத கேனிலிருந்து வாங்காதீர்கள்.

கண்ணு எரிஞ்சா ரோஸ் வாட்டர் ரெண்டு சொட்டு விடலாமா? குழந்தைக்குத் தடவலாமா?

கண்ணில் விடவே கூடாது. முகத்துக்கு விற்கிற ரோஸ் வாட்டர் கிருமி நீக்கியது இல்லை, திறந்து பலமுறை விரல் பட்ட பாட்டில் இன்னும் மோசம். கண்ணுக்குள் போனால் தொற்று வரலாம். பஞ்சில் நனைத்து மூடிய இமைமேல் வைத்துக் குளிர்ச்சி பெறுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கைக்குழந்தைக்கு வாசனை உள்ள எதுவும் வேண்டாம். குளித்ததும் ஈரத்தோடு கொஞ்சம் வாசலினோ மருத்துவர் சொன்ன கிரீமோ போதும்.

பித்தவெடிப்புக்குக் கேக்குமா?

கேட்கும், ஆனால் முகத்துக்குக் கலந்த கலவை பத்தாது. ஐந்து பங்கில் ஒரு பங்கு கிளிசரின் வேண்டும். இருபது நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, ஒற்றி, ஈரத்திலேயே தடவி, மேலே வாசலின் பூசி, பழைய காட்டன் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். ரத்தம் கசிகிற வெடிப்பில் எரியும், அங்கே வாசலின் மட்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெடிப்பு ஆழமாக இருந்தால் வீட்டில் எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர்கள் காலை வெந்நீரில் ஊறவைக்கவும் கூடாது, சூடு தெரியாமல் கால் வெந்துவிடும்.

கலந்து வெச்சது எத்தனை நாள் வரும்?

கிளிசரின் கலந்தால் கெடாது என்று நினைக்கிறார்கள். கெட்டியான கிளிசரினில்தான் கிருமி வளராது. பத்து சதவீதத்துக்கு அது பொருந்தாது, அந்த அளவில் சில கிருமிகளுக்கு அதுவே சாப்பாடு. கடையில் வாங்கிய ரோஸ் வாட்டரில் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருள் இருக்கும், ஆனால் நாம் கிளிசரின் ஊற்றித் திறந்து மூடும்போது அதன் வலு குறைகிறது. அதனால் 50 மில்லிக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள், மூன்று நாலு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். கொதித்த தண்ணீரிலோ வீட்டில் வடித்ததிலோ கலந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரம், அவ்வளவுதான்.

பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிபோலத் தெளிவாக இருக்க வேண்டும். மங்கலாக இருந்தால், நூல் போலவோ பஞ்சுபோலவோ ஏதாவது மிதந்தால், மூடியின் உள்விளிம்பில் வழவழப்பு இருந்தால், ரோஜா வாசனைக்கு அடியில் புளித்த வாடை வந்தால், கொட்டிவிடுங்கள். காலி பாட்டிலை வெந்நீரில் கழுவிக் காயவைத்த பிறகுதான் அடுத்ததைக் கலக்க வேண்டும், பழைய மிச்சத்தோடு புதியதை ஊற்றக் கூடாது.